பேசத் தெரிந்த சிங்களமும் விற்காத என் முதல் மின்னூலும்

எனக்குச் சிங்களம் நன்றாகவே பேச வரும். கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, ஹட்டன் டவுன் கடைகளிலும் பஸ்களிலும் வளர்ந்த யாருக்கும் வரும். அதனால்தான் அரச வேலை கிடைத்து, இரண்டாம் மொழித் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டும் என்று சொன்னபோது எனக்குப் பயமே வரவில்லை. 2007 ஜூலை 1க்குப் பிறகு சேவைக்கு வந்தவர்கள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது 07/2007 சுற்றறிக்கையோடு வந்த விதி. அதில் பின்னால் மாற்றங்கள் வந்தன, ஆனால் தமிழ் ஆட்கள் சிங்களத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது மாறவில்லை. நான் போனேன், எழுதினேன், எழுத்துப் பாகத்தில் பெயில். அடுத்த முறையும் பெயில். என்னோடு வந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஒரு வசனம் ஒழுங்காகச் சிங்களத்தில் பேச வராது. அவள் எழுத்தில் சித்தியடைந்து, வாய்மொழியில் மட்டும் தட்டுப்பட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு கிழமை இருந்தேன்.

மூன்றாம் தடவை சித்தியடைந்தேன். அதற்குக் காரணம் டிக்கோயாவில் இருந்த, ஓய்வுபெற்ற ஒரு சிங்கள டீச்சர். அதைப் பின்னால் சொல்கிறேன். சித்தியடைந்த கையோடு அலுவலகத்தில் மூன்று பேர், தெரிந்தவர்கள் வழியாக இன்னும் நாலைந்து பேர் என்னிடம் நோட்ஸ் கேட்டார்கள். இவ்வளவு பேர் கேட்கிறார்களே, ஒரு மின்னூலாகப் போட்டு விற்கலாமே என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். எதைப் பற்றிய நூல் என்பதில்தான் தவறிவிட்டேன். அதற்கு ஏழு மாத இரவுகளும், சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் இருபத்தொராயிரம் ரூபாயும் போயின. எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் இந்த ஏழு மாதத்தில் என் மகனோடு இன்னும் கொஞ்சம் இருந்திருப்பேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நூலில் நான் எல்லாவற்றையும் போட்டேன். சிங்கள எழுத்துகள், எண்கள், கிழமைகள், உறவு முறைகள், மரக்கறிப் பெயர்கள், கடையில் பேசுவது, ஆஸ்பத்திரியில் பேசுவது, கடிதம், கட்டுரை, கடைசியில் மாதிரி வினாத்தாள். 214 பக்கம். பெரிய நூலாக இருந்தால்தான் காசு கொடுப்பார்கள் என்று நம்பினேன். பகலில் வேலை, மாலையில் சமையல், பிள்ளைக்குப் பாடம், அப்புறம் இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதுவேன். ஜனவரி குளிரில் கை விறைத்துப் போகும், தேநீர்க் கோப்பையைப் பிடித்துச் சூடேற்றிக்கொண்டு திரும்ப எழுதுவேன். சிங்களத்தில் டைப் செய்ய எனக்கு அப்போது தெரியாது, டவுனில் ஓர் இடத்தில் பக்கத்துக்கு எண்பது ரூபாய் கொடுத்தேன். அதுவே பதினேழாயிரத்தைத் தாண்டியது. அட்டைப் படத்துக்கு வேறு. விலை தொள்ளாயிரம் ரூபாய் என்று வைத்தேன். நாலு மாதத்தில் பதினொரு பேர் வாங்கினார்கள், அதில் ஆறு பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

வாங்காதவர்களிடம் ஏன் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. வாங்கிய ஒருவர், பதுளைப் பக்கம் ஒரு கிராம உத்தியோகத்தர், தானாகவே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். "தங்கச்சி, நூல் நல்லாத்தான் இருக்கு. ஆனா தக்காளிக்குச் சிங்களத்தில என்னன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது பரீட்சையில நான் ஏன் பெயிலாகுறேன்னுதான்." அந்தப் பதிவை நான் பலமுறை கேட்டேன். அவர் சொன்னது சரி. மலையகத்தில் இந்தப் பரீட்சை எழுதும் ஆள் சிங்களம் தெரியாதவர் இல்லை. பேசத் தெரிந்து, எழுதும்போது விழுகிறவர். நானும் அப்படி விழுந்தவள்தான். என் நூலில் அந்த விஷயம் 214 பக்கத்தில் ஆறு பக்கம்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் டீச்சரிடம் திருத்தக் கொடுத்த பழைய கொப்பிகளை எடுத்தேன். முப்பத்தெட்டு பயிற்சிக் கடிதங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அவர் சிவப்புப் பேனையால் திருத்திய ஒவ்வொன்றையும் ஒரு தாளில் வகை பிரித்துக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். சொல் தெரியாமல் விட்ட பிழை மிகக் குறைவு. ஏறக்குறையப் பாதிப் பிழைகள் வினைச்சொல்லின் முடிவில் இருந்தன. அதற்கடுத்து, ஒரே மாதிரி ஒலிக்கும் எழுத்துகளை மாற்றிப் போட்டது. மற்றதெல்லாம் சில்லறை. பரீட்சைக்கு நூல் எழுத நினைக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த வேலையைத்தான். உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் பட்டியல் போடாதீர்கள். நீங்கள் பெயிலானபோது எழுதிய தாள், திருத்திய கொப்பி, மாணவர்களின் விடைத்தாள் எது கையில் இருக்கிறதோ அதில் பிழைகளை எண்ணுங்கள். எங்கே கோடுகள் குவிகின்றனவோ அதுதான் தலைப்பு.

வினைமுடிவு என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் இரண்டாவது நூல் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கு ஆள் மாறாது. நான் போனேன் என்பதற்கும் "மம கியா", நாங்கள் போனோம் என்பதற்கும் "அபி கியா", அவர் போனார் என்பதற்கும் "எயா கியா". எல்லாவற்றுக்கும் ஒரே கியா. கடையிலும் பஸ்ஸிலும் கற்ற நமக்கு இதுதான் சிங்களம். எழுத்துச் சிங்களம் அப்படி இல்லை. அங்கே நான் என்றால் "மம கியெமி", நாங்கள் என்றால் "அபி கியெமு", அவன் என்றால் "ஒஹு கியேய", அவள் என்றால் "எய கியாய", அவர்கள் என்றால் "ஒவுஹு கியஹ". டீச்சர் என் முதல் கடிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னது ஒரே வசனம்தான்: "துவே, நீ பேசுவதைத்தான் எழுதுகிறாய்." எனக்கு அப்போதுதான் விளங்கியது, அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஏன் சித்தியடைந்தாள் என்று. அவள் சிங்களத்தைப் புத்தகத்தில் கற்றவள். அவளுக்கு மறக்க வேண்டிய பேச்சுப் பழக்கம் எதுவும் இருக்கவில்லை.

இதில் நமக்கு ஒரு நல்ல காலம் உண்டு, அதை எந்தச் சிங்களப் பயிற்சிப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. தமிழில் நாம் போனேன், போனோம், போனான், போனாள், போனார்கள் என்று ஆளுக்கு ஆள் மாற்றித்தான் பேசுகிறோம், எழுதுகிறோம். அதாவது எழுத்துச் சிங்களம் கேட்கிற ஒழுங்கு நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. சிங்களப் பேச்சை நினைத்துக்கொண்டு எழுதினால் விழுவோம். தமிழ் வசனத்தை நினைத்து, அதன் வினைமுடிவைப் பார்த்து, அதற்குரிய சிங்கள முடிவைப் போட்டால் பெரும்பாலும் சரியாக வரும். கடந்த காலத்தில் ஆண், பெண் வேறுபாடுகூட நம்முடையதைப் போலவே வருகிறது. நிகழ்காலத்தில் மட்டும் அவன் போகிறான், அவள் போகிறாள் இரண்டுக்கும் "யயி" என்ற ஒரே வடிவம்தான்.

ஆனால் இந்த வழி ஓர் இடத்தில் நம்மை ஏமாற்றும். உயிரில்லாத பொருள் பன்மையில் வந்தால், தமிழில் கடிதங்கள் கிடைத்தன என்று வினையையும் பன்மையாக்குகிறோம். சிங்களத்தில் அப்படிச் செய்தால் பிழை. கடிதங்கள் எத்தனை வந்தாலும் "லிபி லெபுணி" என்று வினை ஒருமையில்தான் நிற்கும். தமிழில் நன்றாக எழுதுகிறவர்கள்தான் இதில் அதிகம் விழுவார்கள். அலுவலகக் கடிதத்தில் இது அடிக்கடி வருகிற இடம், ஏனென்றால் அங்கே பேசப்படுவது கடிதம், விண்ணப்பம், ஆவணம், வீடு, பாதை இவைதான். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் நாலு பக்கம் ஒதுக்கினேன்.

இன்னொன்று, அரச கடிதங்களில் வரும் "விசின்" நடை. என்னால் கடிதம் அனுப்பப்பட்டது என்பதை "மா விசின் லிபிய யவன லதி" என்று எழுதுவார்கள். இதில் நல்லது என்னவென்றால், யார் செய்தாலும் "லதி" மாறாது. வினைமுடிவில் தடுமாறுகிறவருக்கு இது ஒரு கைத்தடி மாதிரி. ஆனால் "மம விசின்" என்று எழுதினால் பிழை, விசினுக்கு முன்னால் "மா" என்றுதான் வர வேண்டும். என் கொப்பியில் டீச்சர் இதைப் பதினான்கு இடத்தில் வட்டம் போட்டிருந்தார். கடிதம் முழுவதும் லதி, லதி என்று எழுதினாலும் படிக்க நன்றாக இருக்காது, ஒரு கடிதத்தில் இரண்டு மூன்று இடம் போதும் என்று அவரே சொன்னார்.

எழுத்துப் பிழைக்கு வருகிறேன். இதில் என் முதல் நூல் ஆட்களுக்கு உதவாமல் போனது மட்டுமில்லை, கெடுதலும் செய்தது. அதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. சிங்களத்தில் மலைக்குக் "கந்த". மரத்தின் தண்டுக்கும் "கந்த". தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. ஆனால் சிங்களத்தில் மலைக்கான சொல்லில் "ந்" முழுதாக, தனி எழுத்தாக நிற்கும். தண்டுக்கான சொல்லில் அது பாதியாக ஒலித்து, தகரத்தோடு ஒட்டி ஒரே எழுத்தாக எழுதப்படும். இப்படிப்பட்ட எழுத்துகளைச் சஞ்ஞக எழுத்துகள் என்கிறார்கள். மாங்காய்க்கு வரும் அம்ப, ஆற்றுக்கு வரும் கங்க, இவற்றிலும் அதே கதைதான். நான் முதல் நூலில் படிக்க இலகுவாக இருக்கட்டும் என்று பாதி இடங்களில் சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே போட்டிருந்தேன். இந்தப் பதிவில் நான் செய்வது போலத்தான். இங்கே விஷயத்தை விளக்க அது போதும். பரீட்சை எழுதப் போகிறவருக்குப் போதாது. ஒரு வாசகி என் நூலைப் படித்துப் பழகி எழுதிய பயிற்சித் தாளை எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். சஞ்ஞக எழுத்து வர வேண்டிய எல்லா இடத்திலும் முழு எழுத்து. அது என் நூல் கொடுத்த பிழை. அவருக்குக் காசைத் திருப்பி அனுப்பினேன், அதோடு முதல் நூலை விற்பதையும் நிறுத்தினேன்.

இரண்டாவது நூலில் ஒவ்வொரு சிங்கள வசனமும் சிங்கள எழுத்திலேயே இருக்கிறது. தமிழ், பொருள் சொல்லவும் காரணம் சொல்லவும் மட்டும். இதற்காக நான் சிங்கள யூனிகோட் விசைப்பலகையைப் போனில் போட்டு, நானே டைப் செய்யக் கற்றுக்கொண்டேன், மூன்று கிழமை எடுத்தது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நூலை டைப் செய்தவர் பழைய வகை எழுத்துருவில் செய்து கொடுத்திருந்தார். PDF ஆகத் திறந்தால் அழகாகத் தெரியும். ஆனால் வாசகர் ஒரு சொல்லைப் பிரதி எடுத்து அகராதியில் தேடப் போனால் விசின் என்ற சொல் jsiska என்று வந்து விழும். மொழி படிக்கிறவர் சொல்லைத் தேடாமல் எப்படிப் படிப்பார்? டைப் செய்யக் கொடுக்கும்போதே யூனிகோட் வேண்டும் என்று சொல்லுங்கள். முதல் இரண்டு பக்கத்தை வாங்கி, போனில் ஒரு சொல்லைப் பிரதி எடுத்துப் பார்த்த பிறகு மற்றப் பக்கங்களைக் கொடுங்கள். பக்க அளவும் அப்படித்தான். ஏ4 அளவில் போட்டால் போனில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். நம் ஆட்கள் படிப்பது பஸ்ஸில், கைப்போனில். நான் ஏ5 அளவில் எழுத்தைப் பெரிதாக வைத்தேன்.

நூலின் தலைப்பு "பேசுகிற சிங்களத்தைப் பரீட்சைச் சிங்களமாக எழுதுவது". 46 பக்கம். ஒவ்வொரு பாடமும் ஒரே அமைப்பு: என் கொப்பியில் இருந்த பிழையான வசனம், டீச்சர் திருத்திய வசனம், தமிழில் அதே வசனம், ஏன் என்று நாலு வரி, பிறகு வாசகர் தானே மாற்றிப் பார்க்க ஆறு வசனம். விடைகளைக் கடைசிப் பக்கத்தில் வைத்தேன். டீச்சர் முழுவதையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். மொழி நூல் என்றால் அந்த மொழியைத் தாய்மொழியாக எழுதுகிற ஒருவர் பார்க்காமல் தயவுசெய்து வெளியே விடாதீர்கள். எனக்கு முதல் தடவை அந்தப் பொறுமை இருக்கவில்லை.

விலை நானூற்றைம்பது. முதல் மூன்று பாடங்களை இலவசமாகக் கொடுத்தேன். பரீட்சைக்கு விண்ணப்பம் கோரிய சமயத்தில் சொன்னபோது ஒரு மாதத்தில் அறுபத்திரண்டு பேர் வாங்கினார்கள், அதில் ஆசிரியர்களும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களும்தான் அதிகம். பரீட்சை முடிந்ததும் அடுத்த மூன்று மாதம் நாலு பேர்தான். முதல் நூலை நான் பரீட்சை முடிந்த அடுத்த கிழமை வெளியிட்டிருந்தேன், அந்தத் திகதியை நான் பார்க்கக்கூட இல்லை. பரீட்சைக்கு ஆறேழு கிழமை இருக்கும்போதுதான் ஆள் தேடுவார், அதற்கு முன்பும் பின்பும் தேட மாட்டார். நூலின் அளவையும் அந்த ஆறு கிழமையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வேலைக்குப் போகிற, பிள்ளை பார்க்கிற ஒருவர் அந்தக் காலத்தில் 214 பக்கம் படிக்க மாட்டார்.

ஒரு பிரதியை ஒருவர் வாங்கிப் பத்துப் பேருக்கு அனுப்புவதும் நடந்தது. முதலில் கோபம் வந்தது, இரவில் தூக்கம் வரவில்லை. இப்போது ஒவ்வொரு பிரதியிலும் வாங்கியவரின் பெயரைப் பக்கத்தின் அடியில் போட்டு அனுப்புகிறேன். ஒரு பிரதிக்கு இரண்டு நிமிடம் எடுக்கிறது. முழுதாக நிற்கவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது.

என் அலுவலகத்தில் லீவு விஷயங்களைப் பார்க்கிற அண்ணன் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, வினைத்திறன் காண் தடைப் பரீட்சைக்கு, நாங்கள் ஈபி என்று சொல்வதற்கு, தாபன விதிக்கோவை முழுவதையும் சுருக்கி எழுதப் போகிறேன் என்றார். எனக்குப் பதறியது, நான் செய்த அதே காரியம். வேண்டாம் அண்ணன், நீங்கள் ஒன்பது வருடமாக லீவுதான் பார்க்கிறீர்கள், 12ஆம் அத்தியாயத்தை மட்டும் எடுங்கள் என்றேன். வருடத்துக்குச் சமயோசித லீவு 21, ஓய்வு லீவு 24 என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இடையில் சேவைக்கு வந்தவர், பிரசவ லீவில் போனவர், சம்பளமற்ற லீவு எடுத்தவர் என்று கணக்கு வந்தால் தடுமாறுகிறார்கள். அப்படியான கணக்குகள் அவருடைய மேசைக்குத் தினமும் வருகின்றன. பெயரை எடுத்துவிட்டு முப்பது கணக்கைப் படிப்படியாகச் செய்து காட்டினால் அது வேறு யாராலும் எழுத முடியாத நூல். ஒரு கவலை உண்டு: சுற்றறிக்கை மாறினால் விடையும் மாறும். அதனால் ஒவ்வொரு கணக்கின் கீழும் எந்தப் பிரிவு, எந்தச் சுற்றறிக்கை என்று எழுதி வைக்கச் சொன்னேன், மாறும்போது அந்தக் கணக்குகளை மட்டும் தேடித் திருத்தலாம். வினைமுடிவு மாறாது. அந்த வகையில் என் தலைப்பு எனக்கு இலகு.

இப்போது பலர் வாய்மொழிப் பரீட்சைக்கும் ஒரு நூல் போடச் சொல்கிறார்கள். கட்டாயம் விற்கும், கேட்கிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் நான் வாய்மொழியில் ஒருபோதும் விழவில்லை. எதனால் விழுகிறார்கள் என்று எனக்கு உள்ளிருந்து தெரியாது, எண்ணிப் பார்க்க என்னிடம் கொப்பியும் இல்லை. அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் போன கிழமை போன் பண்ணினேன். அவள் வாய்மொழியை மூன்றாம் முறைதான் தாண்டினாளாம். ஒவ்வொரு முறையும் என்ன கேட்டார்கள், எங்கே வாய் அடைத்தது என்று அன்றன்றைக்கே டயரியில் எழுதி வைத்திருக்கிறாளாம். அந்த நூலை நீதான் எழுத வேண்டும் என்று சொன்னேன். டைப் செய்யும் முறையும், டீச்சரின் நம்பரும், என் முதல் நூலின் கணக்குக் கொப்பியும் அவளுக்கு அனுப்பியிருக்கிறேன்.